கை, வயிறு, கண்: தமிழ்ப் பேச்சுத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழைப் பெரியவர்களான பிறகு கற்பவர்களும், வீட்டில் பாதி கேட்டு வளர்ந்து இப்போது மீதியைப் பிடிக்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சுத் தமிழ் சொல்லித்தருபவன் என்ற முறையில், எனக்கு முக்கியமாகப் படுவதற்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பேச்சுத் தமிழ் ஓரளவு வந்துவிட்டது. மரபுத்தொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, எங்கே ஆரம்பிப்பது?

உடலுறுப்புகளில் ஆரம்பியுங்கள். கை, வாய், கண், தலை, வயிறு, காது, மூக்கு, கால். இவற்றோடு வை, விடு, கொடு, போடு, காட்டு போன்ற சாதாரண வினைகள் சேர்ந்து பிறக்கும் தொடர்களை எல்லா வயதினரும் தினமும் பேசுகிறார்கள். செய்தித்தாளிலும் வரும், சண்டையிலும் வரும். சொற்கள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். அவை சேரும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் கற்றால் போதும்.

பழமொழிகளைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். பழமொழி முழு வாக்கியமாக வந்து விழும். பெரும்பாலும் பெரியவர் சின்னவருக்குச் சொல்வது அது. கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் தன்னைவிட மூத்தவரிடம் எடுத்து விட்டால், இலக்கணம் சரியாக இருந்தாலும் உபதேசம் செய்வது போல் ஆகிவிடுகிறது.

‘கை’ வரும் தொடர்கள் எல்லாமே எனக்குக் குழப்பம். கை வைத்தான், கை நீட்டினான், கை கொடுத்தான், கைவிட்டான்… எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

தொடரை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னால் நிற்கும் சொல்லின் உருபைப் பாருங்கள். பொருளைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

‘கை நீட்டு’ நல்ல எடுத்துக்காட்டு. “யாரிடமும் கை நீட்ட மாட்டார்” என்றால் யாரிடமும் உதவியோ பணமோ கேட்க மாட்டார் என்று பொருள். “தம்பி மேல் கை நீட்டிவிட்டான்” என்றால் அடித்துவிட்டான். “கை நீட்டிக் காசு வாங்கிவிட்டோம், இனி வேலையை முடித்துத்தான் ஆக வேண்டும்” என்றால் பணம் பெற்றதால் வந்த கடமை. கையும் அதேதான், நீட்டுவதும் அதேதான். ‘இடம்’ வந்தால் கேட்பது, ‘மேல்’ வந்தால் அடிப்பது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் விபரீதமாகிவிடும்.

‘கை வை’யும் இப்படித்தான். “சேமிப்பில் கை வைத்துவிட்டோம்” என்றால் தொடக்கூடாத பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டோம். “என் வேலையில் கை வைக்காதே” என்றால் தலையிடாதே. “அவன் மேல் கை வைத்துப் பார்” என்றால் அது சவால், அடித்துப் பார் என்கிறார்கள். ‘இல்’ வந்தால் கை விழுவது பணத்திலோ வேலையிலோ. ‘மேல்’ என்றால் ஆள் மேல், அதுவும் அடிக்கும் கை.

அடுத்தது இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’. “என்னைக் கைவிடாதே” என்று ஒருவர் சொன்னால் தன்னைத் தனியாக விட்டுவிட வேண்டாம் என்று மன்றாடுகிறார். “என் கையை விடாதே” என்று சொன்னால் சாலையைக் கடக்கும்போது பிடித்த கையை விடாதே என்கிறார். முதலாவதில் ‘கைவிடு’ ஒரே வினையாக இறுகிவிட்டது, அதனால் ‘ஐ’ நடுவில் நுழைய முடியாது. இரண்டாவதில் கை நிஜமான கை.

ஆனால் ‘ஐ’ வந்தால் எப்போதும் நேர்ப்பொருள் என்று சட்டம் போட்டுவிட முடியாது. ‘ஐ’ இருந்தே தீர வேண்டிய தொடர்களும் உண்டு. செலவு சக்திக்கு மீறினால் “கையைக் கடிக்கிறது” என்கிறோம், “கை கடிக்கிறது” என்று யாரும் சொல்வதில்லை. தொழிலில் இறங்கி நஷ்டப்பட்டவர் “கையைச் சுட்டுக்கொண்டார்”. என்ன செய்வதென்று தெரியாதவர் “கையைப் பிசைகிறார்”. அதனால் ஒரு தொடரைக் குறித்து வைக்கும்போது உருபோடும், முன்னால் வரும் சொல்லோடும், முழு வாக்கியமாகவே குறித்து வையுங்கள். ‘கை நீட்டு = கேட்பது’ என்று அகராதி பாணியில் எழுதி வைத்த நோட்டுதான் பலரைத் தவறான இடத்தில் கொண்டு போய் விடுகிறது.

ஒரு அநியாயத்தைப் பார்த்து “எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது” என்றேன். நண்பர், “அதில் உனக்கு என்ன பொறாமை?” என்று கேட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

‘வயிறு எரிகிறது’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. நல்ல சாப்பாடு குப்பைக்குப் போவதைப் பார்த்தோ, உழைத்தவனுக்குக் கூலி கிடைக்காததைப் பார்த்தோ “பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது” என்று சொல்வது மிக இயல்பு. அது ஆற்றாமை, நியாயமான வேதனை.

‘வயிற்றெரிச்சல்’ என்று பெயர்ச்சொல்லாகி, அடுத்தவருக்கு ஒரு நல்லது நடந்த இடத்தில் வந்தால் பொறாமை என்ற பக்கம் சாய்ந்துவிடும். “நான் வண்டி வாங்கியதில் அவனுக்கு வயிற்றெரிச்சல்” என்றால் பொறாமைதான். நீங்கள் சொன்ன அநியாயத்தில் யாரோ ஒருவர் பயனடைந்திருப்பார். அதனால் நண்பர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. இதே சொல்லுக்கு மூன்றாவது இடமும் உண்டு: “ஏழைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே” என்றால் அவர்கள் வேதனையும் சாபமும் உன்மேல் விழும்படி நடக்காதே என்று பொருள். அங்கே பொறாமைக்கு வேலையே இல்லை.

வயிற்றுத் தொடர்களைக் கொஞ்சம் நிதானமாகக் கற்கச் சொல்வேன். பயமும் நிம்மதியும் பிழைப்பும் தமிழில் வயிற்றில்தான் இருக்கின்றன. “வயிற்றில் புளியைக் கரைத்தது” என்பது வரப்போகும் கெட்டதை நினைத்து வரும் பயம். முடிவு தெரியாமல் காத்திருக்கும் நேரத்துக்குப் பொருந்தும், நடந்து முடிந்த துக்கத்துக்குப் பொருந்தாது. “வயிற்றில் பால் வார்த்தீர்கள்” என்பது பதறிக்கொண்டிருந்தவருக்கு நல்ல செய்தி வந்தால் சொல்வது. முன்னால் பதற்றம் இல்லாமல் வெறும் நல்ல செய்திக்கு இதைச் சொன்னால் ஒட்டாது. “வயிற்றில் அடிக்காதே” என்றால் பிழைப்பைக் கெடுக்காதே. இது கனமான சொல். சாதாரணமாகப் பேரம் பேசும்போது விளையாட்டாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த விளையாட்டுத் தொனி குரலில் இருக்க வேண்டும். எழுத்தில் அது வராது.

“அவன் முகத்தில் ஈயாடியது” என்று எழுதினேன், படித்தவர்கள் சிரித்தார்கள். ஏன்?

அந்தத் தொடர் எதிர்மறையில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அதிர்ச்சியிலோ அவமானத்திலோ முகம் செத்துப்போனால் “முகத்தில் ஈயாடவில்லை” என்பார்கள். அதன் உடன்பாட்டு வடிவம் பேச்சில் இல்லை. எழுதினால் நிஜமான ஈதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவை தமிழில் நிறைய. பதற்றத்தில் “கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை”. மிதமிஞ்சிய சந்தோஷத்தில் “தலைகால் புரியவில்லை”. “உன் பருப்பு இங்கே வேகாது”. இவற்றை நேராகத் திருப்பிப் போட்டால் எல்லாமே கெட்டுவிடும்.

இன்னொரு வகை, எதிர்மறைக்கும் உடன்பாட்டுக்கும் வேறு வேறு பொருள் தருவது. “நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை” என்றால் சட்டை செய்யவில்லை. “அவர் காதில் போட்டு வை” என்றால் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லி வை, பின்னால் உதவும். அதேபோல “என்னைக் கண்டுகொள்ளவே இல்லை” என்றால் பார்த்தும் பாராதது போல் போனார். “என்னைக் கண்டுகொண்டார்” என்றால் அடையாளம் தெரிந்துகொண்டார். எதிரெதிர் போலத் தோன்றும், ஆனால் எதிரெதிர் கிடையாது.

பள்ளிப் பாடத்தில் மரபுத்தொடர் பட்டியல் மனப்பாடம் செய்தேன். அவற்றைப் பேச்சில் பயன்படுத்தலாமா?

சிலவற்றை. பட்டியலில் எது உயிரோடு இருக்கிறது, எது தேர்வுத்தாளில் மட்டும் இருக்கிறது என்று புத்தகம் சொல்லாது, அதுதான் சிக்கல்.

‘அகலக்கால் வைக்காதே’ இன்றும் பேசப்படுகிறது, சக்திக்கு மீறிக் கடன் வாங்கித் தொழிலை விரிப்பவரிடம் சொல்வார்கள். ‘கம்பி நீட்டிவிட்டான்’ என்று நழுவிப் போனவனைச் சொல்வதும் கேட்கிறது. ‘கடுக்காய் கொடுத்தான்’ பேச்சைவிடச் செய்தித்தாளில் அதிகம்: காவலருக்குக் கடுக்காய் கொடுத்துத் தப்பிய திருடன். ‘எட்டாக்கனி’ மேடையிலும் கட்டுரையிலும் நன்றாக இருக்கும். நண்பரிடம் “எனக்குத் தூக்கம் எட்டாக்கனியாகிவிட்டது” என்றால் பேச்சுப்போட்டி நினைவுக்கு வரும். ‘கொட்டியளத்தல்’ போன்றவற்றை நான் நேர்ப்பேச்சில் யாரிடமும் கேட்டதில்லை. புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம்.

பெரியவர்களிடம் பேசும்போது மரியாதை விகுதி சேர்த்துவிட்டால் எந்தத் தொடரும் சரியாகிவிடும் அல்லவா?

ஆகாது. மரியாதைக் குறைவு தொடருக்குள்ளேயே இருந்தால் விகுதியால் அதை மீட்க முடியாது. “மண்டையைப் போட்டுவிட்டார்” என்பதில் ‘ஆர்’ இருக்கிறது. ஆனால் இறந்தவர் வீட்டார் காதில் அது விழுந்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். பேச்சில் “தவறிவிட்டார்” என்பதே பண்பான சொல். “காலமானார்” எழுத்துக்கும் அறிவிப்புக்கும் உரியது.

இதில் ஒரு பொறி உண்டு. “தாத்தா இப்போதுதான் கண்ணை மூடினார்” என்று தூங்கப் போனதைச் சொல்ல நினைத்து ஒருவர் சொன்னால், கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். வயதானவர், நோயாளி பற்றிப் பேசும்போது ‘கண்ணை மூடினார்’ என்றால் இறந்துவிட்டார் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். “கண் அசந்தார்” என்று சொல்லுங்கள். ஆனால் “கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்” என்பதில் அந்த ஆபத்து இல்லை. அது யோசிக்காமல் நம்பிச் செய்வது.

“காது குத்துகிறாயா?” என்பது ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கேட்பது. சமவயது நண்பரிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். மாமாவிடம் “காது குத்துகிறீர்களா?” என்றால், மரியாதையோடு பொய்யன் என்று சொன்னதாகிவிடும். “என்ன மாமா, விளையாடுகிறீர்களா?” போதும்.

‘தலைமுழுகு’வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “அவனைத் தலைமுழுகிவிட்டேன்” என்றால் இனி அவன் எனக்கு இல்லை என்று பொருள். சாவுக்குப் பின் தலை முழுகும் வழக்கத்தின் நிழல் அதில் இருக்கிறது. இரண்டு நாள் கோபத்துக்கு இதை எடுக்கக் கூடாது.

‘செம’, ‘மொக்கை’, ‘கலாய்’ மாதிரி வார்த்தைகள் பேசினால்தான் இயல்பாக இருக்குமா?

பேசுகிற கூட்டம் உங்கள் கூட்டமாக இருந்தால். இவை வயதோடும் நட்போடும் ஒட்டியவை. புதிய அலுவலகத்தில் முதல் வாரமே மேலதிகாரியின் யோசனையை ‘மொக்கை’ என்றால் அது இயல்பு ஆகாது.

இலக்கணத்திலும் இவற்றுக்கு எல்லை உண்டு. “செம படம்”, “படம் செமையாக இருந்தது” இரண்டும் சரி. “படம் செம இல்லை” என்று யாரும் சொல்வதில்லை, “அவ்வளவு நன்றாக இல்லை” என்றே மாறிவிடும். அப்புறம், இவற்றோடு செந்தமிழ் வினைமுற்றைக் கோத்தால் உடனே பல்லிளிக்கும். “நண்பர்கள் என்னைக் கலாய்த்தார்கள்” சரி. “நண்பர்கள் என்னைக் கலாய்த்தனர்” என்று படிக்கும்போதே இரண்டு வேறு மனிதர்கள் பேசுவது போல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் நான் சாதாரணமாகச் சொல்லும் தொடர்களைத் தமிழாக்கிச் சொன்னால் என்ன?

புரியும், ஆனால் உங்கள் மனசு எந்த மொழியில் ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். “நாளின் முடிவில் அவர்தான் முடிவெடுக்க வேண்டும்” என்பதற்குத் தமிழில் “எப்படிப் பார்த்தாலும்” என்றோ “கடைசியில்” என்றோ சொல்வார்கள். “அவர் காலணியில் நின்று பார்” என்பதற்கு “அவர் இடத்திலிருந்து யோசித்துப் பார்”. ‘மைல்கல்’, ‘பச்சைக்கொடி காட்டு’ போல வெளியிலிருந்து வந்து ஊறிப்போனவையும் உண்டு. அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். ஊறிப்போனதா இல்லையா என்பதற்கு ஒரே அடையாளம், ஆங்கிலம் தெரியாத ஒருவர் அதைத் தானாகச் சொல்வது.

இலங்கைத் தமிழ் நண்பர்களோடு பேசுகிறேன். அவர்கள் சொல்வதை நானும் அப்படியே சொல்லலாமா?

முதலில் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் “கதைத்தோம்” என்றால் பேசினோம் என்று பொருள். தமிழ்நாட்டில் ‘கதை விடுகிறான்’ என்றால் இல்லாததைச் சொல்கிறான். ‘பகிடி’ அங்கே வேடிக்கைப் பேச்சு. நெடுநாள் பழகியபின் ஒன்றிரண்டு சொற்கள் தானாக வாயில் ஒட்டிக்கொள்ளும், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பழகிய முதல் நாளே அவர்கள் இழுப்போடு பேசிக் காட்டினால் நையாண்டி என்று தோன்றிவிடும்.

இந்தக் கடிதத்தை மாமாவுக்கு அனுப்பப் போகிறேன். சரியாக இருக்கிறதா? “மாமா, கல்யாணத்துக்கு வந்து தலைகாட்ட முடியவில்லை. லீவு கேட்டேன், மேனேஜர் என்னைக் கைகழுவிவிட்டார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர். அத்தை காதில் என் வாழ்த்தைப் போட்டு வையுங்கள்.”

ஐந்து தொடர்கள், ஐந்தும் உண்மையான தமிழ். ஆனால் ஒன்றுகூடச் சரியான இடத்தில் உட்காரவில்லை.

‘தலைகாட்டு’ என்றால் வந்தேன் என்று காட்டிவிட்டு உடனே கிளம்புவது. தூரத்துப் பழக்கத்துக்குப் போதும். சொந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு இதைச் சொன்னால், வந்திருந்தாலும் ஐந்து நிமிடம்தான் இருந்திருப்பாய் போலிருக்கிறதே என்று அவர் நினைப்பார்.

‘கைகழுவுவது’ பொறுப்பிலிருந்த ஒருவர் உறவையே அறுத்துக்கொள்வது. மேனேஜர் லீவு தர முடியாது என்றுதான் சொன்னார். கேட்டதற்கு வழியில்லை என்று சொல்பவர் ‘கையை விரிக்கிறார்’. இந்தக் கடிதத்துக்குத் தேவையான தொடர் அதுதான்.

புளி கரைவது பயத்துக்கு என்று மேலே சொன்னேன். இங்கே இருப்பது வருத்தம். அதற்கு “மனசே சரியில்லை” போதும், அதில் அலங்காரம் எதுவும் இல்லை என்பதால்தான் நம்பும்படி இருக்கிறது.

‘ஆயிரங்காலத்துப் பயிர்’ சம்பந்தம் பேசும்போது, அவசரப்படாமல் விசாரித்துச் செய்யுங்கள் என்று மூத்தவர் சொல்வது. தாலி கட்டி முடிந்தபின் மருமகன் மாமாவுக்குச் சொன்னால், விசாரிக்காமல் செய்துவிட்டீர்களோ என்று கேட்பது போல் ஆகிவிடும்.

‘காதில் போட்டு வைப்பது’ பின்னால் ஒரு காரியத்துக்கு உதவும் தகவலை. வாழ்த்தை யாரும் அப்படிப் போட்டு வைப்பதில்லை.

நான் இப்படி எழுதுவேன்: “மாமா, கல்யாணத்துக்கு வர முடியாமல் போய்விட்டது. லீவு கேட்டுப் பார்த்தேன், மேனேஜர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்கு வருகிறேன்.” கவனத்தை இழுக்கும் தொடர் ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் சாதாரணப் பேச்சு. ‘அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என்பதும் ஒரு மரபுதான், நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். தொடர் என்றே தெரியாத அளவுக்குப் பேச்சில் கரைந்த இப்படிப்பட்டவற்றைத்தான் நான் முதலில் கற்கச் சொல்வேன்.

ஒரு தொடரை நானே சொல்லத் தொடங்கலாம் என்று எப்போது தெரியும்?

உங்கள் வயதொத்த ஒருவர், உங்களைப் போன்ற நிலையில், அதைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். பாட்டி வாயில் மட்டும் கேட்டது பாட்டிக்கு உரியது. அப்புறம், யாரிடம் சொன்னார், எதற்கு முன்னால் என்ன உருபு வந்தது, உடன்பாடா எதிர்மறையா என்ற மூன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று நினைவில்லை என்றால் இன்னொரு முறை காதில் விழும்வரை காத்திருங்கள். தினமும் புழங்கும் தொடர் என்றால் சீக்கிரமே விழும்.

சொன்னது தப்பாகப் போய், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிட்டால்?

உடனே நேர்ச்சொல்லில் மறுபடி சொல்லுங்கள். “கண்ணை மூடினார்” என்று வாய் தவறிவிட்டால், “ஐயோ, தூங்குகிறார் என்று சொல்ல வந்தேன்” போதும். தொடரின் பொருளை விளக்கப் போகாதீர்கள், அவர் பயம் முதலில் தெளியட்டும்.